தழும்பின் விளிம்பும் தாயின் சத்தியக்கடதாசியும்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சட்ட உதவி மேசைக்கு வரும், வெளிநாட்டில் புகலிடம் கேட்ட பிள்ளைகளின் தாய்மார் பலரின் கேள்வி ஒன்றுதான்: "மகனைத் திருப்பி அனுப்பப் போறாங்களாம். இங்க இருந்து என்ன கடிதம் குடுக்கலாம்?" சட்டம் எதைக் கேட்கிறது என்று தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தின் 33ஆம் உறுப்புரை, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பக்கூடாது என்கிறது. நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் போன்ற சிலருக்கு அதில் விதிவிலக்கு உண்டு. சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தின் 3ஆம் உறுப்புரையில் அப்படி விதிவிலக்கு எதுவும் இல்லை. ஆள் என்ன செய்திருந்தாலும், சித்திரவதை நடக்கும் என்று நம்ப வலுவான காரணம் இருந்தால் அனுப்பக்கூடாது. இரண்டுமே பார்ப்பது இனி நடக்கப்போவதைத்தான். வன்னியிலிருந்து போகும் கடதாசிகளோ பெரும்பாலும் நடந்து முடிந்ததையே சொல்கின்றன. பல வழக்குகள் சறுக்குவது இந்த இடைவெளியில்தான்.

நடந்ததை நிறுவுவதுகூட எளிதில்லை. பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்த்த, கே.வி. என்ற எழுத்துகளால் அறியப்படும் இலங்கைத் தமிழரின் வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவருடைய கையிலும் முதுகிலும் சூட்டுத் தழும்புகள் இருந்தன. முதுகுத் தழும்புகளின் விளிம்பு துல்லியமாகவும், கைத் தழும்புகள் சிலவற்றின் விளிம்பு மங்கலாகவும் இருந்தன. கையில் சுடும்போது நினைவிருந்தது, முதுகில் சுடும்போது மயங்கிக் கிடந்தேன் என்பது அவர் வாக்குமூலம். நினைவுள்ளவன் உதறுவான், விளிம்பு கலங்கும், மயங்கியவன் அசையமாட்டான். அந்த வேறுபாடு அவர் சொன்ன கதையோடு மிகவும் பொருந்துவதாக மருத்துவர் எழுதினார். ஆனால் வழக்கைக் கேட்ட தீர்ப்பாயம், புகலிடம் பெறுவதற்காக அவரே வேறொருவரைக் கொண்டு சுடுவித்திருக்கலாம் என்றது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காயம் எப்படி ஏற்பட்டது என்ற கதையோடு தழும்பு எவ்வளவு பொருந்துகிறது என்று மருத்துவர் கருத்துச் சொல்லலாம் என்றும், ஒருவர் தன்னை அப்படிச் சுடுவித்துக்கொள்வது மிக அரிது என்பதையும் எடைபோட வேண்டும் என்றும் கூறி, வழக்கைத் திரும்ப விசாரிக்க அனுப்பியது.

இத்தகைய மருத்துவர்கள் சித்திரவதைக் காயங்களை மதிப்பிடக் கைக்கொள்ளும் இஸ்தான்புல் நெறிமுறையில் ஐந்து படிகள் உண்டு. 'பொருந்தாது' என்பதில் தொடங்கி, 'பொருந்துகிறது', 'மிகவும் பொருந்துகிறது', 'இத்தகைய காயத்துக்கே உரிய தோற்றம்' என்று ஏறி, 'வேறெதனாலும் வந்திருக்க முடியாது' என்பதில் முடியும். இரண்டாம் படியோடு நிற்கும் அறிக்கைக்கு எடை குறைவு. அப்படிப்பட்ட தழும்பு வேறு பல காரணங்களாலும் வரலாம்.

இங்கே குடும்பத்தால் செய்யக்கூடியது, தான் கண்டதைச் சொல்வது. மகனின் வாக்குமூலத்தைத் தாய்க்கு வாசித்துக் காட்டிவிட்டுச் சத்தியக்கடதாசி எழுதவே கூடாது. அவன் வீடு வந்தபோது எந்தக் கை கட்டியிருந்தது, யார் மருந்து போட்டது, புண் காய எவ்வளவு காலம் எடுத்தது என்று அவர் பார்த்ததை மட்டும், அவர் சொல்லும் சொற்களிலேயே எழுத வேண்டும். "பொங்கலுக்குப் பிறகு" என்று நினைவிருந்தால் அப்படியே இருக்கட்டும். உதவி செய்வதாக நினைத்து அதை ஒரு திகதியாக மாற்றினால், மகன் நேர்காணலில் சொன்ன திகதியோடு மோதும். அந்த ஒரு முரண்பாடே முழுக் கடதாசியையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும். ஐ.சி.ஆர்.சி. தடுப்பில் பார்த்ததற்குக் கொடுத்த அத்தாட்சி, புனர்வாழ்வு விடுதலைச் சான்றிதழ், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் முறைப்பாட்டு இலக்கம் ஆகியவை பலமானவை. அந்தந்தக் காலத்திலேயே எழுதப்பட்டவை அவை. ஒரே அச்சில் பத்துப் பேருக்குக் கொடுத்த பிரமுகர் கடிதம் உதவாது, சில வேளை கெடுக்கும்.

இனி வரப்போகும் ஆபத்து. பிரித்தானியத் தீர்ப்பாயம் 2013இல் வகுத்த வழிகாட்டலின்படி முன்பு இயக்கத்தில் இருந்தது மட்டும் போதாது. இன்று அரசு அவரை அச்சுறுத்தலாகக் காண்கிறதா, அவர் பேரில் நீதிமன்றக் கட்டளையோ பிடியாணையோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எனவே வீட்டுக்கு விசாரிக்க வந்தவர்களைப் பற்றி அன்றன்றே குறித்துவைப்பது பெறுமதியானது. வந்த நாள், எத்தனை பேர், சீருடையா சிவிலா, பெயரோ பிரிவோ சொன்னார்களா, மகனைப் பற்றி என்ன கேட்டார்கள், பக்கத்தில் யார் நின்றார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதினாலே போதும். யாரும் வரவில்லையென்றால் வரவில்லைதான். இல்லாத வருகையை எழுதுவது, உண்மையில் ஆபத்திலிருக்கும் அடுத்த வீட்டுப் பெடியனின் வழக்கையும் பலவீனமாக்கும்.

நாடுகடத்தும் நாள் குறிக்கப்பட்ட பிறகு வழி நாட்டுக்கு நாடு வேறுபடும். சுவிற்சர்லாந்திலும் கனடாவிலும் உள்ளவர்கள், உள்நாட்டு வழிகள் முடிந்தபின் சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. குழுவுக்குத் தனியாள் முறைப்பாடு செய்து இடைக்காலத் தடை கோரலாம். பிரித்தானியா அந்த முறைப்பாட்டு வழியை ஏற்கவில்லை. அங்குள்ளவர்கள் ஸ்திராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றத்திடம் 39ஆம் விதிப்படி இடைக்காலத் தடை கேட்க வேண்டும். எங்கே என்றாலும் தாயின் கடதாசி மொழிபெயர்ப்போடு விமானம் ஏறும் நாளுக்கு முன் சட்டத்தரணியின் கையில் இருக்க வேண்டும். ஆகவே சமாதான நீதவானிடம் ஒப்பமிட்ட அன்றே படம் பிடித்து அனுப்பிவிட்டு, மூலப் பிரதியைப் பதிவுத் தபாலில் போடுங்கள். கடித உறையை வீசிவிடாமல் வைத்திருக்கும்படி மகனிடமும் சொல்லுங்கள்.