எப்ப வேணும்னாலும் வாங்க

ஜூன் 4, புதன்

அடையாறில் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இன்றைக்கு என் ஜெர்மன் மாணவி வகுப்புக்கு வந்ததுமே சந்தோஷமாகச் சொன்னாள், கீழ்வீட்டு அம்மா அவளை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாராம். "எப்போ வரட்டும்?" என்று கேட்டதற்கு, "எப்ப வேணும்னாலும் வாங்கம்மா, இது உங்க வீடு மாதிரி" என்று பதில் வந்திருக்கிறது. ஞாயிறு நாலு மணி என்று காலண்டரிலும் குறித்துவிட்டாள். அந்த அம்மாவிடம் அதைச் சொன்னாயா என்று கேட்டேன். எதற்கு, அவர்தான் எப்போது வேண்டுமானாலும் என்றாரே என்றாள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. போன மாதம் இதே பெண் வேறொரு விஷயத்தில் ஏமாந்திருந்தாள். வீட்டுக்கு வந்த தோழி கிளம்பும்போது "சரி, வரேன்" என்று சொன்னதைக் கேட்டு, மறுபடி வரப்போகிறாள் என்று நினைத்து ராத்திரி எட்டு மணி வரை காத்திருந்தாள். "போறேன்" என்று சொல்லக்கூடாது, அதனால் "வரேன்" என்கிறோம் என்று அப்போது விளக்கினேன். உங்கள் மொழியில் விடைபெறும்போது சொல்கிற "ஆஃப் வீடர்சேன்" என்பதற்கும் மறுபடி பார்க்கும்வரை என்றுதானே அர்த்தம், அதை யாரும் வாக்குறுதியாக எடுத்துக்கொள்வதில்லையே என்றதும் சட்டென்று பிடித்துக்கொண்டாள். ஆனால் "எப்ப வேணும்னாலும் வாங்க" அந்த வகை இல்லை. அது வெறும் விடைபெறும் சொல் என்று சொல்லிவிட்டால் கீழ்வீட்டு அம்மாவுக்கு நான் அநியாயம் செய்தவளாவேன்.

ஜூன் 5, வியாழன்

ராத்திரி முழுக்க இதே யோசனை. தம்பி அமெரிக்கா போன முதல் வருடம் ஞாபகம் வந்தது. அலுவலகத்தில் ஒருவர் "வீ மஸ்ட் கெட் டுகெதர் சம்டைம்" என்று சொன்னதை நம்பி, அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கில் ஒரு டப்பாவை அவருக்கென்றே எடுத்து வைத்திருந்தான். ஒரு மாதம் ஆகியும் கூப்பிடவில்லை. தன்னிடம் ஏதோ தப்பு என்றே நினைத்துக்கொண்டான், போனில் குரலே சரியில்லை.

மொழியியல் படித்த காலத்தில் அமெரிக்க மொழியியலாளர் நெஸ்ஸா வுல்ஃப்சன் எழுதியது கையில் கிடைத்திருந்தால் அன்றைக்கே அவனுக்குச் சொல்லியிருப்பேன். 1980களின் தொடக்கத்தில் அவரும் உடன் வேலை செய்தவர்களும் அமெரிக்கர்கள் நிஜமாகப் பேசிக்கொள்வதைக் கவனித்துக் குறித்துவைத்து ஆராய்ந்தார்கள். அங்கே ஒரு பேச்சு அழைப்பு ஆக வேண்டுமென்றால் அதில் நேரமோ, இடமோ, செய்யப்போகும் காரியமோ இருக்க வேண்டும், எல்லாவற்றையும்விட முக்கியமாக "வருகிறாயா?" என்று பதில் கேட்பதும் இருக்க வேண்டும். "சனிக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட வருகிறாயா?" என்பதில் எல்லாமே இருக்கின்றன. தம்பி கேட்டதில் ஒன்றுகூட இல்லை. அதற்காக அது பொய்யும் இல்லை. நட்பாக ஒரு நூலை நீட்டுவது அது, மற்றவரும் பிடித்து "அடுத்த வாரம் மதியம் உனக்கு முடியுமா?" என்று இழுத்தால்தான் அழைப்பாக முடியும். தம்பி இழுக்கவில்லை. கூப்பிட்டவரே நாளைச் சொல்வார் என்று காத்திருந்தான்.

இதே அளவுகோலை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டு அம்மாவை அளந்தால் தப்பாகிவிடும் என்பதுதான் என் கவலை. நேரம் சொல்லவில்லை என்பதால் அவர் மனதில் அழைப்பு இல்லை என்று ஆகாது. நம் வீடுகளில் நாள், மணி சொல்லிக் கூப்பிட்டால் அது விசேஷம், பத்திரிகை வைத்துக் கூப்பிடுகிற சங்கதி. நெருக்கமானவர்களுக்கு நேரம் குறிப்பதே அந்நியமாகத் தெரியும்.

ஜூன் 8, ஞாயிறு

மாணவி போய்விட்டு வந்து போன் செய்தாள். குரலில் குழப்பம். கதவைத் திறந்த அந்த அம்மா பட்டுப்புடவையில் இருந்தாராம், "வாங்க வாங்க" என்று உட்கார வைத்து காபி, முறுக்கு, அப்புறம் கேசரி. வீட்டுக்காரர் கையில் கார் சாவியோடு உள்ளேயும் வெளியேயும் நடந்திருக்கிறார். இவள் கிளம்ப எழுந்தபோதெல்லாம் "இருங்க, என்ன அவசரம், சாப்பிட்டுட்டுப் போலாம்" என்று உட்கார வைத்திருக்கிறார் அந்த அம்மா. ஐந்தரைக்கு இவள் வெளியே வந்த ரெண்டாவது நிமிடம் வீடே காரில் ஏறிப் போனதை மாடியிலிருந்து பார்த்திருக்கிறாள். ஏதோ கல்யாண வரவேற்பு.

"கிளம்பணும்னு ஏன் சொல்லல? வரச் சொன்னதே பொய்யா?" என்று கேட்டாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

ஜூன் 11, புதன்

இன்றைக்கு இலக்கணத்தைத் தொடவே இல்லை. என் கருத்தை நேராகச் சொன்னேன். "வாங்க" என்றது நூற்றுக்கு நூறு நிஜம். "எப்ப வேணும்னாலும்" என்பதை மட்டும் கடிகாரத்தை வைத்துப் புரிந்துகொண்டாய். அந்த அம்மா உனக்கு ஒரு உரிமையைக் கொடுத்தார், காரணம் இல்லாமல், விசேஷம் இல்லாமல் வரலாம் என்று. ஞாயிறு நாலு மணிக்கு வீட்டில் இருப்பேன் என்று அவர் சொல்லவே இல்லை. வாசலுக்கு வந்தவளிடம் நாங்கள் வெளியே கிளம்புகிறோம் என்று சொல்வது அவருக்கு முகத்தில் அடிப்பது மாதிரி, அதனால்தான் வரவேற்புக்குத் தாமதமானாலும் பரவாயில்லை என்று கேசரி கிண்டினார். பட்டுப்புடவை, கையில் சாவி, அடிக்கடி உள்ளே போய் வருவது, இவைதான் அவர்கள் வாயால் சொல்லாமல் சொன்னது. "என்ன அவசரம்" என்பதைக் காதில் வாங்கிக்கொண்டே எழுந்து வந்திருக்கலாம், அது மரியாதைக்குறைவு ஆகாது.

அப்புறம் ஒரே ஒரு கேள்வியைப் பயிற்சி செய்தோம். கிளம்பும் முன்னால் போன் செய்து "வீட்ல இருக்கீங்களா?" என்று கேட்பது. வரலாமா என்று கேட்டால் இல்லை என்று சொல்ல அவர்களுக்கு மனம் வராது. வீட்டில் இருக்கிறீர்களா என்றால் சங்கடமில்லாமல் பதில் சொல்லலாம். "இருக்கேன், வாங்க" என்று உடனே வந்தால் போகலாம். "இருக்கோம்... சொல்லுங்க" என்று இழுத்தால் சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு நலம் விசாரிக்க வேண்டியது. "வாங்களேன், ஆனா ஒரு ஆறு மணிக்கு மேல" என்றால் அது நிஜமான ஆறு மணி. இந்த மூன்றையும் குரல் மாற்றி மாற்றிச் சொல்லிக் காட்டினேன், இழுவையைக் கண்டுபிடிக்க அவளுக்கு நாலைந்து தடவை ஆனது.

கூப்பிட்டது வாய் வார்த்தைக்கா மனதாரவா என்று எப்படித் தெரியும் என்றும் கேட்டாள். போகாமல் இருந்து பார், தேடுகிறார்களா என்று தெரியும் என்றேன். வாய் வார்த்தை என்றால் அதோடு மறந்துபோகும். மனதாரக் கூப்பிட்டவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

மாடிப்படியில் கீழ்வீட்டு அம்மா அவளைப் பிடித்துவிட்டாராம். "என்னம்மா, அன்னைக்கு வந்ததோட சரி, இந்தப் பக்கமே காணோம்? கேசரி பிடிக்கலையா?" வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டு வந்து என்னிடம் படித்துக் காட்டினாள். திட்டினாரா என்று பயந்துபோயிருந்தாள். எனக்கு அதைக் கேட்டு அவ்வளவு நிம்மதி.

ஜூன் 29, ஞாயிறு

பத்து மணிக்கு அவளே போன் செய்து கேட்டிருக்கிறாள். "இருக்கேன், வா, கீரை ஆஞ்சிட்டிருக்கேன்" என்றாராம் அந்த அம்மா. வாங்க இல்லை, வா. காபியைக் கையில் கொடுத்துவிட்டு ஒரு கட்டு முருங்கைக்கீரையையும் அவள் முன்னால் வைத்திருக்கிறார். உருவி முடிக்க ஒரு மணி நேரம் ஆனதாம்.