வாரண்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது? வாஷிங் மெஷினும் கிரைண்டரும் எனக்குக் காட்டிய கணக்கு

2023 ஆடித் தள்ளுபடியில் ஒரு வாஷிங் மெஷின் வாங்கினோம். புது வீட்டுக்கு ஆவணியில்தான் பால் காய்ச்சுவதாக இருந்தது, ஆனால் தள்ளுபடி ஆடியோடு முடிந்துவிடும் என்பதால் ஜூலை 18-ஆம் தேதியே கடையில் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, "பொருளை அப்புறம் அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தோம். கடைக்காரரும் அன்றைக்கே பில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார். மெஷின் வீட்டுக்கு வந்தது ஆகஸ்ட் 24. கம்பெனி ஆள் வந்து குழாய் மாட்டி ஓடவிட்டுக் காட்டியது ஆகஸ்ட் 28. இரண்டு வருட வாரண்டி என்று அட்டையில் இருந்ததால், 2025 ஆகஸ்ட் கடைசி வரை கவலையில்லை என்று மனதில் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்.

2025 ஜூலை 29 அன்று மெஷின் பாதியில் நின்றது. தண்ணீர் நிரம்புகிறது, டிரம் சுற்றவில்லை, திரையில் ஒரு பிழை எண் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. வந்த டெக்னீஷியன் பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்து, போர்டு போய்விட்டது என்றார். பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தவர், "மேடம், வாரண்டி பதினேழாம் தேதியே முடிஞ்சிருச்சே, இப்ப எஸ்டிமேட்தான் போட முடியும்" என்றார். போர்டுக்கு மட்டும் 6,800 ரூபாய். நான் பயன்படுத்தவே ஆரம்பிக்காத ஐந்து வாரத்துக்கும் மேலான காலம் வாரண்டிக் கணக்கில் கழிந்து போயிருக்கிறது. வீட்டில் யாரும் அந்த அட்டையைப் பிரித்துப் படித்ததில்லை, அன்றைக்குத்தான் படித்தேன். "வாங்கிய தேதியிலிருந்து 24 மாதம்" என்று தெளிவாகவே இருந்தது. வாங்கிய தேதி என்றால் அவர்களுக்குப் பில் தேதிதான்.

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு காகிதங்களைத் தேடினேன். மூன்று கிடைத்தன: ஜூலை 18 தேதியிட்ட பில், வண்டிக்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுப்போன டெலிவரி சலான், இன்ஸ்டலேஷன் முடிந்ததும் கம்பெனியிலிருந்து என் போனுக்கு வந்த குறுஞ்செய்தி. சலானில் மெஷினின் சீரியல் எண் எழுதியிருந்தது பெரிய உதவியாக இருந்தது, ஏனென்றால் அந்தச் சலான் இந்த மெஷினுக்குத்தான் என்று நிரூபிக்க வேறு வழியே கிடையாது. குறுஞ்செய்தியில் ஜாப் எண் இருந்தது. அதாவது, இந்த மெஷின் ஆகஸ்ட் 28-க்கு முன் ஓடவே இல்லை என்பது அவர்களுடைய சொந்தப் பதிவிலேயே இருக்கிறது.

மூன்றையும் படமெடுத்துக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் போட்டேன். கோபமாக ஒரு வரிகூட எழுதவில்லை. மூன்று தேதிகள், சீரியல் எண், ஜாப் எண், "நிறுவிய தேதியிலிருந்து கணக்கிட்டுத் தரவும்" என்ற கோரிக்கை, அவ்வளவுதான். கூடவே ஒன்று சேர்த்தேன்: மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2024-ல் வீட்டு உபயோகப் பொருள் கம்பெனிகளிடம், நிறுவ வேண்டிய பொருட்களுக்கு வாரண்டியை வாங்கிய நாளிலிருந்து இல்லாமல் நிறுவிய நாளிலிருந்து ஆரம்பிக்கும்படி கேட்டுக்கொண்டது. இது சட்டம் இல்லை, வேண்டுகோள்தான், அதைக் காட்டி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனாலும் கேட்பதற்கு ஒரு பிடிமானம். ஆறு நாள் கழித்து "சிறப்பு அனுமதி" என்று சொல்லிப் போர்டை இலவசமாக மாற்றினார்கள், வந்து போன கட்டணத்தை நான் கொடுத்தேன். அவர்கள் மறுத்திருந்தால் அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவதாக இருந்தேன், அதற்குத் தேவை வரவில்லை.

இதற்குப் பிறகு கடையில் பேசியபோதுதான் இன்னொன்று புரிந்தது. பொருள் கடையை விட்டுக் கிளம்பும்போதோ அதற்கு முன்போ ஜி.எஸ்.டி. பில் போட வேண்டும் என்பதுதான் விதி, பணம் வாங்கிய நாளிலேயே போட்டாக வேண்டும் என்று இல்லை. முன்பணத்துக்கு ரசீது கொடுத்துவிட்டு, பொருளை அனுப்பும் அன்று பில் போடலாம். அப்படிப் போட்டால் பில் தேதியும் டெலிவரி தேதியும் ஒன்றாகிவிடும், அதற்குப்பின் யாரோடும் வாதாட வேண்டாம். அன்றைக்கு நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆனால் வங்கிக் கார்டு தள்ளுபடி, மாதத் தவணை என்று போனால், கடைக்காரர் அன்றைக்கே பில் போட்டாக வேண்டும் என்பார், அந்த இடத்தில் தள்ளுபடியா ஐந்து வார வாரண்டியா என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, இது கடையில் வாங்கியதன் கதை. ஆன்லைனில் திருப்பி அனுப்பும் கெடு வேறு விதமாக ஓடுகிறது என்பதை அதே வருடம் தீபாவளியில் தெரிந்துகொண்டேன். திருச்சியில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு டேபிள் டாப் கிரைண்டர் அக்டோபர் 5-ஆம் தேதி ஆர்டர் செய்தேன். 9-ஆம் தேதி போய்ச் சேர்ந்தது. அம்மா அதைப் பிரிக்கவில்லை. தீபாவளி அன்றைக்குத்தான் புதுசைத் திறக்க வேண்டும் என்று சாமி அறையில் வைத்து, பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டார். அக்டோபர் 20 காலையில் பிரித்தால், பாத்திரத்தின் விளிம்பில் கட்டைவிரல் நீளத்துக்கு விரிசல். ஆர்டர் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், திருப்பி அனுப்பும் கெடு அக்டோபர் 16-ஆம் தேதியே முடிந்ததாகக் காட்டியது. டெலிவரியிலிருந்து ஏழு நாள். ஆர்டர் போட்ட நாளிலிருந்து எண்ணவில்லை, அந்த அளவில் நமக்கு நல்லதுதான், ஆனால் டெலிவரி என்பது அவர்கள் கணினியில் "கொடுத்தாயிற்று" என்று பதிவான நாள். நாம் பிரித்த நாள் இல்லை. அடுக்குமாடியில் காவலாளி வாங்கி வைத்திருந்தாலும் அதே கணக்குதான்.

வாரண்டியில் கேட்கலாமே என்று தோன்றும், நானும் கேட்டேன். உடைசலும் விரிசலும் வாரண்டியில் வராது என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது, மோட்டார் கோளாறு மாதிரி உற்பத்திக் குறைதான் வரும். வழியில் உடைந்ததைக் கேட்பதற்கு அந்த ஏழு நாள்தான் நடைமுறையில் இருந்த ஒரே வாசல். 11 நாள் கழித்து, இது வரும்போதே இப்படி இருந்தது என்று காட்ட எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. கடைசியில் பாத்திரத்தைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கினோம். அம்மா ரொம்ப வருத்தப்பட்டார், அதுதான் எனக்குப் பணத்தைவிட வலித்தது. இப்போது அவருக்கு எது அனுப்பினாலும், வந்த அன்றே வீடியோ காலில் பிரித்து, ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடி வைத்துவிடுகிறோம். மஞ்சள் குங்குமம் அதற்குப் பிறகு.

பெரிய பொருளில் இந்தக் கெடு இன்னும் இறுக்கம். பெட்டியைக் கம்பெனி ஆள் வந்துதான் பிரிக்க வேண்டும் என்பார்கள், அவர் வர நான்கைந்து நாள் ஆகும், அதற்குள் ஏழில் பாதிக்கு மேல் போய்விடும். அதனால் டெலிவரி வரும் நாளுக்கே இன்ஸ்டலேஷனைப் பதிந்துவிடுவது நல்லது. கெடுவுக்குள் முடிந்திருக்க வேண்டியது கோரிக்கையைப் பதிவதுதான், அவர்கள் வந்து எடுத்துப் போவது பிறகு நடந்தாலும் பரவாயில்லை. வாரண்டியும் அப்படித்தான்: கடைசி நாளுக்கு முன் புகார் எண் கையில் வந்துவிட்டால், ஆள் மறுவாரம் வந்தாலும் அது வாரண்டிக்குள் வந்த புகார் என்று வாதாட முடியும். போனில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு எண் வாங்காமல் விட்டால் ஒன்றும் நிற்காது.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ள முடியாது என்று ஒரு கூகுள் ஷீட் போட்டேன். B பில் தேதி, C டெலிவரி தேதி, D நிறுவிய தேதி, E வாரண்டி எத்தனை மாதம், F திருப்பி அனுப்ப எத்தனை நாள். G-யிலும் H-லும் இந்த இரண்டு கணக்கு:

```
=EDATE(B2,E2)-1
=C2+F2
```

முதலாவது வாரண்டியின் கடைசி நாள். என் வாஷிங் மெஷினுக்கு 18-07-2023, 24 மாதம் போட்டால் 17-07-2025 வருகிறது, டெக்னீஷியன் சொன்ன அதே நாள். மாதத்துக்கு முப்பது நாள் என்று பெருக்காமல் `EDATE` போடுவதற்குக் காரணம், 24 மாதம் என்பது 720 நாள் இல்லை. இரண்டாவது, கிரைண்டருக்கு 16-10-2025 தருகிறது. வாரண்டியை வேண்டுமென்றே B-யிலிருந்து, அதாவது முதலில் வரும் தேதியிலிருந்து எண்ணுகிறேன். D எதற்கு என்றால், ஒருவேளை தாண்டிவிட்டால் வாதாட. சலானும் ஜாப் குறுஞ்செய்தியும் அதே வரிசையில் படமாக இருக்கின்றன. கடை பில் வழுவழுப்பான காகிதம் என்றால் வாங்கிய அன்றே படமெடுத்துவிட வேண்டும், ஒரு வெயில் காலத்தில் எழுத்து மறைந்துவிடுகிறது.

ஆரம்பத்தில் இந்த ஷீட்டே என்னைத் தப்பாக வழிநடத்தப் பார்த்தது. கிரைண்டர் ஆர்டர் தேதியை 05-10-2025 என்று அடித்தேன், அது அதை மே 10 என்று எடுத்துக்கொண்டது. 18-07 மாதிரித் தேதிகளை, பதினெட்டாவது மாதம் இல்லை என்பதால், வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டது. கண்டுபிடிப்பது சுலபம்: தேதியாகப் புரிந்துகொண்டதெல்லாம் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாக எடுத்துக்கொண்டது இடப்பக்கம் நிற்கும். `File > Settings` போய் `Locale` என்பதை `India` என்று மாற்றிவிட்டு, ஏற்கெனவே அடித்த தேதிகளைத் திரும்ப அடித்தேன், சரியாகிவிட்டது.

G-யில் வரும் நாளுக்கு ஒரு மாதம் முன்பாகப் போன் காலண்டரில் ஒரு நினைவூட்டல் வைத்துவிடுகிறேன். அன்றைக்கு அந்தப் பொருளை எல்லா மோடிலும் ஓட்டிப் பார்த்து, சத்தமோ கசிவோ இருந்தால் உடனே புகார் பதிவது வழக்கம். எங்கள் மெஷின் நிற்பதற்கு ஏழெட்டு வாரம் முன்பே சுற்றத் தொடங்கும்போது ஒரு நொடி தயங்கியது, அப்போதே எண் வாங்கியிருந்தால் மின்னஞ்சலுக்கே வேலை இருந்திருக்காது.

இந்தப் பொங்கலுக்கு ஃபிரிட்ஜ் வாங்கியபோது ஜனவரி 10-ஆம் தேதி முன்பணம் மட்டும் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு, "பில்லைப் பொருள் கிளம்புற அன்னைக்குப் போடுங்கண்ணே" என்று கேட்டேன். கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஷீட்டில் அந்த வரிசையில் B-யிலும் C-யிலும் 19-01-2026 என்றே இருக்கிறது.