நாலு மணிக்கு மேல் திரும்பிப் போன ஃபைல்கள்

காப்பீட்டு கிளெய்ம்களைப் பரிசீலிக்கிற வேலையில் நான் பல வருடம் இருந்தேன். ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்றே வழிதான்: பாஸ் பண்ணலாம், நிராகரிக்கலாம், இல்லையென்றால் ‘கூடுதல் ஆவணம் தேவை’ என்று எழுதித் திருப்பி அனுப்பலாம். தப்பாகப் பாஸ் பண்ணினால் ஆடிட்டில் மாட்டுவோம், தப்பாக நிராகரித்தால் புகார் வரும், திருப்பி அனுப்பினால் மட்டும் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், அதனால் மூன்றாவது வழிதான் சௌகரியம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் என் கை தானாக அந்த மூன்றாவது வழிக்குப் போவது எனக்கே தெரிந்திருந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் அந்தப் புகழ்பெற்ற வரைபடத்தைக் காட்டினார்கள். இஸ்ரேலில் பரோல் மனுக்களை விசாரித்த நீதிபதிகளைப் பற்றி 2011-ல் டான்சிகர், லெவாவ், அவ்னைம்-பெஸ்ஸோ ஆகியோர் வெளியிட்ட ஆய்வு அது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீர்ப்புகளை எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு அமர்வும் சுமார் 65 சதவீதம் சாதகத் தீர்ப்போடு ஆரம்பிக்கிறது, போகப் போகச் சரிந்து கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வருகிறது, இடைவேளை முடிந்து வந்ததும் மறுபடி 65-க்கு ஏறிவிடுகிறது. முடிவெடுத்து முடிவெடுத்து மனசு தேய்ந்துபோகும்போது, இருப்பதை அப்படியே விட்டுவிடுவதுதான் சுலபம் என்று விளக்கம் சொன்னார்கள். நான் சிலிர்த்துப் போனேன், என் நாலு மணி வியாதிக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டதல்லவா.

அன்று சாயங்காலமே என் மேலாளரிடம் போய், “மேடம், கஷ்டமான ஃபைலையெல்லாம் காலையிலேயே கொடுத்துடுங்க, நாலு மணிக்கு மேல எனக்கு மூளை ஓடல” என்றேன். அவர் சிரிக்கவில்லை. “சரி. ஆனா முதல்ல ரெண்டு வாரம் எழுதி வை. எத்தனை மணிக்கு எடுத்தே, எத்தனை பக்கம், என்ன முடிவு. அப்புறம் பேசலாம்” என்றார்.

எழுதி வைத்தேன். வரைபடம் நான் நினைத்தபடியே வந்தது: காலையில் பாஸ் அதிகம், சாயங்காலம் திருப்பி அனுப்பியது அதிகம். பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் மணி இருந்த பத்தியைப் பார்க்கவே இல்லை, பக்கம் இருந்த பத்தியில் விரலை வைத்தார். காலையில் நான் எடுத்ததெல்லாம் பத்துப் பதினைந்து பக்க ஃபைல்கள், சாயங்காலம் எடுத்ததெல்லாம் எண்பது தொண்ணூறு பக்கம். “இந்த வரிசையை யார் போட்டது?” என்று கேட்டார். நான்தான் போட்டேன். காலையில் வந்ததும் ஒல்லியான ஃபைலாகப் பொறுக்கி எடுத்து நாலைந்தை முடித்துவிட்டால் ஒரு தெம்பு வரும், குண்டு ஃபைல்களெல்லாம் அடியிலேயே கிடக்கும். குண்டு ஃபைலில் ஏதாவது ஒரு காகிதம் குறையத்தான் செய்யும், அதை எத்தனை மணிக்கு எடுத்தாலும் திருப்பித்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

நீதிபதிகள் ஆய்வின் மேல் விழுந்த அடியும் இதேதான் என்பது பின்னால்தான் தெரியவந்தது. அதே 2011-ல் வைன்ஷால்-மார்கெல், ஷபார்ட் என்ற இருவர், வழக்குகள் வந்த வரிசை குருட்டு வரிசை இல்லை, வக்கீல் வைக்காத கைதிகள் பெரும்பாலும் அமர்வின் கடைசியில்தான் வருகிறார்கள் என்று எழுதினார்கள். வக்கீல் இல்லாதவருக்குச் சாதகத் தீர்ப்பு கிடைப்பது எப்போதுமே குறைவு. அதையும் கணக்கில் எடுத்துப் பார்த்தோம், அப்போதும் சரிவு நிற்கிறது என்று முதல் ஆய்வாளர்கள் பதில் சொன்னார்கள்.

எனக்கு இதைவிடச் சுவாரசியமாகப் பட்டது 2016-ல் க்ளோக்னர் என்ற உளவியல் ஆய்வாளர் போட்ட கணக்கு. சாதகத் தீர்ப்புக்குச் சராசரியாக ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகிறது, பாதகத் தீர்ப்புக்கு ஐந்து நிமிடம் சொச்சம். இடைவேளைக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது ஒருவர் என்ன செய்வார்? நீளும் என்று தோன்றுகிற வழக்கைத் தொடமாட்டார், சட்டென்று முடிகிறதை எடுப்பார், சட்டென்று முடிவது பெரும்பாலும் மறுப்பு. இப்படி ஒரு நீதிபதியைக் கணினியில் போட்டு ஓட்டினால் களைப்பே இல்லாமல் வரைபடம் சரிகிறது, இடைவேளைக்குப் பின் ஏறவும் செய்கிறது. நேரத்தைக் கொஞ்சம் யோசித்துச் செலவழிக்கிறவர் என்பதே அதற்குப் போதும். மூல வரைபடத்தின் மொத்தச் சரிவையும் இது விளக்கிவிடுவதாக அவரே சொல்லவில்லை, கணிசமான ஒரு பங்கை விளக்கலாம் என்றார். அதைப் படித்தபோது, ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும் என்றால் ஐந்து இருபதுக்கு நான் எந்த மாதிரி ஃபைலை எடுப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன்.

மனவுறுதி என்பது செலவழிந்து தீரும் சரக்கு என்ற கருத்தே, அதாவது ‘ஈகோ டிப்ளிஷன்’, இதற்குள் ஆட்டம் கண்டிருந்தது. 1998-ல் உளவியல் ஆய்வாளர் பௌமைஸ்டரின் குழு செய்த சோதனையில், பக்கத்தில் சாக்லேட் பிஸ்கட் மணக்க முள்ளங்கியை மட்டும் தின்னச் சொல்லப்பட்டவர்கள், தீர்க்க முடியாத ஒரு புதிரை எட்டு நிமிடத்தில் கைவிட்டார்கள், பிஸ்கட் தின்றவர்கள் பத்தொன்பது நிமிடம் தாக்குப்பிடித்தார்கள். இந்தக் கருத்தை 2016-ல் வேறொரு பணியை வைத்து 23 ஆய்வகங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தபோது விளைவு பூஜ்யத்தை ஒட்டி நின்றது. கொடுத்த பணி போதுமான அளவு களைக்கவைக்கவில்லை என்று பௌமைஸ்டர் ஆட்சேபித்தார், அது நியாயமான ஆட்சேபணைதான். ஆனால் அவருடன் நெடுநாள் வேலைசெய்த வோஸ் தலைமையிலேயே 36 ஆய்வகங்கள் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட முடிவும் ஏறத்தாழ அங்கேயே வந்து நின்றது.

அப்படியானால் சாயங்காலக் களைப்பே பொய்யா என்று கேட்டால், அதற்கும் என்னிடம் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. மேடம் சொன்னபடி ஒரு மாதம் ஃபைல்களை கிளெய்ம் எண்ணின் கடைசி இலக்கப்படி அடுக்கி, மேலிருந்து வந்ததை வந்தபடி எடுத்தேன். தடிமன் பார்த்துப் பொறுக்குவது நின்றது. திருப்பி அனுப்புவதில் காலைக்கும் சாயங்காலத்துக்கும் இருந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துபோனது. கரையாமல் நின்றது ஒன்றே ஒன்று: ஃபைலுக்குள்ளேயே இருக்கிற காகிதத்தைக் கேட்டு நான் திருப்பி அனுப்பியவை. டிஸ்சார்ஜ் சம்மரி அறுபதாம் பக்கத்தில் இருக்கும், நான் ‘டிஸ்சார்ஜ் சம்மரி இணைக்கவும்’ என்று எழுதியிருப்பேன். இந்தத் தப்பு எந்த வரிசையில் வைத்தாலும் கடைசி ஒன்றரை மணி நேரத்தில்தான் அதிகம். கஷ்டமான ஃபைல் யாருக்கும் கஷ்டம்தான், ஆனால் கண்ணெதிரே இருக்கிற காகிதத்தைத் தவறவிட்டதற்கு ஃபைலைக் குறை சொல்ல முடியாது. ஒரே ஆள் ஒரு மாதம் எழுதிவைத்தது ஆராய்ச்சி ஆகிவிடாது, தெரியும். இருந்தாலும் ‘என் மனவுறுதி தீர்ந்துவிட்டது’ என்று நான் பெயர் வைத்திருந்தது, உண்மையில் அறுபதாம் பக்கம் வரை புரட்டுவதற்கு ஏற்பட்ட சலிப்பு. புரட்டவே முடியாத நிலையில் நான் இருக்கவில்லை, அதே சாயங்காலம் மேடம் பக்கத்தில் வந்து நின்றால் தொண்ணூறாம் பக்கம் வரைக்கும் புரட்டினேன்.

அதனால் கஷ்டமான ஃபைலைக் காலையில் கொடுங்கள் என்ற கோரிக்கையை விட்டுவிட்டேன். நாலு மணிக்கு மேல் எழுதுகிற ‘கூடுதல் ஆவணம் தேவை’ கடிதங்களை மட்டும் அன்று அனுப்பாமல் டிரேயில் வைத்து, மறுநாள் காலை ஃபைலோடு ஒரு தடவை ஒத்துப் பார்த்த பிறகு அனுப்பினேன். வாரத்துக்கு இரண்டு மூன்று கடிதமாவது கிழிபட்டுக் குப்பைக்கூடைக்குப் போனது.