அட்டை இருந்தால் அசலா?

நண்பர் ஒருவர் பழைய லூயி வுய்ட்டான் கைப்பை வாங்கப்போவதாகப் படம் அனுப்பினார், கூடவே அசல் என்று சொல்லும் அட்டை, கடை ரசீது எல்லாம். அட்டையைப் பார்த்ததுமே சந்தேகம், ஏனென்றால் அந்த நிறுவனம் பைகளோடு அப்படியொரு அட்டை தருவதே இல்லை. சரி, ரசீதையாவது பார்ப்போம் என்று பெரிதாக்கினேன். விலையையும் வரியையும் கூட்டினால் அடியில் போட்ட மொத்தம் வரவில்லை, விலையை மட்டும் மாற்றிவிட்டு வரியை அப்படியே விட்டிருக்கிறார்கள் (சோம்பேறிகள்!). அப்புறம் ரசீது எண்ணைத் தேடினால், அதே எண் வேறு நிறப் பையின் விளம்பரத்திலும் கிடக்கிறது.

கணக்கு சரியாக வந்திருந்தாலும் நம்ப முடியாது, அசல் ரசீதை வாங்கிப் போலிப் பையோடு வைப்பவர்களும் உண்டு. தையலையும் உள்ளே பொறித்த எழுத்தையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். அதோடு விற்பவரிடமிருந்து பதிலே இல்லை.