வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை: நான் கேட்ட விதம்

எங்கள் கணக்குப் பிரிவில் என் வேலை, சப்ளையர்களிடமிருந்து வரும் பில்களைச் சரிபார்ப்பது. பில்லில் இருக்கும் அளவும் விலையும் பர்ச்சேஸ் ஆர்டரோடு ஒத்துப்போகிறதா, அந்தச் சரக்கு உண்மையிலேயே குடோனுக்கு வந்துவிட்டதா என்று மூன்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் பணம் கொடுக்க அனுப்பிவிடலாம். பொருந்தாவிட்டால் வித்தியாசம் எங்கே என்று தேட வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் இந்த வேலையை வீட்டிலிருந்து செய்ய அனுமதி கேட்டேன். முதல் முறை கிடைக்கவில்லை. இரண்டாம் முறை கிடைத்தது. இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் முறை வாய்வார்த்தையாகத்தான் கேட்டேன். மாலை கிளம்பும் நேரத்தில் மேலாளரின் அறைக்குப் போய், "மேடம், போக வர மூன்று மணி நேரம் ஆகிறது. அம்மாவுக்கும் உடம்பு சரியில்லை. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே பார்க்கட்டுமா?" என்றேன். "பார்க்கலாம்மா" என்றார். அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்தும் அது "பார்க்கலாம்" என்ற நிலையிலேயே இருந்தது.

அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. நான் சொன்ன காரணங்கள் இரண்டும் என்னுடையவை, இரண்டும் உண்மை. ஆனால் அவருக்குப் பதில் தேவைப்பட்டது வேறு கேள்விக்கு: வேலை என்ன ஆகும்? அதைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. போதாததற்கு, அம்மாவின் உடல்நிலையைக் காரணமாகச் சொன்னதும், வீட்டில் இருக்கும் நேரத்தில் பாதி அம்மாவைக் கவனிப்பதில் போய்விடும் என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும். உண்மையில் பகலில் அம்மாவோடு இருக்க வேறொருவர் இருந்தார். எனக்கு வேண்டியிருந்தது காலையிலும் மாலையிலும் மிச்சமாகும் அந்த மூன்று மணி நேரம்தான். அதை நான் சொல்லவே இல்லை.

சரி, ஒழுங்காகக் கடிதம் எழுதிக் கேட்போம் என்று முடிவு செய்தேன். அதற்கு முன் மூன்று வாரம் என் வேலையை நானே கணக்கெடுத்தேன். ஒரு நோட்டில் தினமும் மூன்று எண்கள்: முடித்த பில்கள், தவறு என்று திரும்பி வந்தவை, முப்பது நாளுக்கு மேல் தேங்கி நிற்பவை. மாதக் கடைசியில் பில்கள் குவியும், மாத நடுவில் குறையும். ஒரே ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டால் எண் பொய் சொல்லிவிடும் என்பதால்தான் மூன்று வாரம். சராசரியாக ஒரு நாளைக்கு 42 பில்கள் முடித்திருந்தேன். நூற்றுக்கு மூன்று திரும்பி வந்தன. தேங்கி நின்றவை 64.

அந்த 64 ஏன் தேங்கின என்று பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான காரணம் கிடைத்தது. எல்லாமே வித்தியாசம் உள்ள பில்கள். அப்படி ஒன்றை எடுத்தால், எந்தத் தேதியில் எவ்வளவு சரக்கு வந்தது, எதைத் திருப்பி அனுப்பினார்கள், இடையில் விலை மாறியதா என்று ஒவ்வொன்றாக நூல் பிடித்துப் போக வேண்டும். தொடர்ந்து உட்கார்ந்தால் இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நடுவில் யாராவது "ஒரு நிமிஷம்" என்று வந்து நின்றால், திரும்பவும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை குறித்து வைத்துப் பார்த்தேன். இடையூறு இல்லாமல் அரை மணி நேரம் கிடைத்தது அன்று முழுக்க இரண்டே முறை. கடினமான பில்லைத் தள்ளி வைத்துவிட்டு எளிதானதை எடுப்பது எனக்கே தெரியாமல் பழக்கமாகியிருந்தது.

இது அலுவலகத்தின் பிரச்சினையும்கூட. தேங்கிய ஒவ்வொரு பில்லுக்குப் பின்னாலும் பணம் வராமல் தினமும் போன் செய்யும் ஒரு சப்ளையர் இருக்கிறார். அதனால் கடிதத்தில் இதை முதலில் வைத்தேன். பயண நேரத்துக்கு ஒரே ஒரு வரி. முக்கியமான பகுதியை அப்படியே தருகிறேன்:

"செவ்வாய், வியாழன் ஆகிய இரு நாட்கள் வீட்டிலிருந்து பணிபுரிய எட்டு வாரங்களுக்குச் சோதனை முறையில் அனுமதி கேட்கிறேன். இந்த நாட்களில் வித்தியாசம் உள்ள பழைய பில்களை எடுத்துக்கொள்வேன். அலுவலக நேரம் முழுவதும் தொடர்பில் இருப்பேன். கேட்கும் கேள்விகளுக்கு அரை மணி நேரத்தில் பதில் தருவேன். தினம் 42 பில்கள் என்ற இப்போதைய அளவு குறையாது. நான்காம் வார முடிவிலும் எட்டாம் வார முடிவிலும் கணக்கை உங்களிடம் காட்டுவேன். வேலை பாதிக்கப்படுவதாக நீங்கள் கருதினால் எந்த வாரத்திலும் இதை நிறுத்திவிடலாம்."

திங்களும் வெள்ளியும் வேண்டாம் என்று யோசித்துத்தான் விட்டேன். திங்களன்று குழுக் கூட்டம் இருக்கிறது. தவிர, சனி ஞாயிறை ஒட்டிக் கேட்டால் லீவை நீட்டுவதற்காகக் கேட்கிறார் என்ற நினைப்பு யாருக்கும் வரும். பணம் அனுப்பும் இறுதி ஒப்புதல் அலுவலகத்துக்கு வெளியே செய்யக் கூடாத வேலை. அது என்னிடம் இல்லை என்பதையும், அலுவலக லேப்டாப்பில் மட்டுமே வேலை செய்வேன், பில் எதையும் வீட்டில் பிரிண்ட் எடுக்க மாட்டேன் என்பதையும் கீழே சேர்த்தேன்.

மேலாளர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு "தினம் 42" என்ற இடத்தில் பேனாவை வைத்து, "கஷ்டமான பில்லை எடுத்தால் 42 எப்படி வரும்? 42 வர வேண்டும் என்று நீங்கள் சுலபமானதை எடுத்தால் இதைத் தருவதில் என்ன பயன்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என் காரணமும் என் வாக்குறுதியும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நின்றன. இருவரும் உட்கார்ந்து அங்கேயே மாற்றினோம். நாள் கணக்கை எடுத்துவிட்டு வாரக் கணக்காக்கினோம்: வாரம் 210 குறையக் கூடாது. எளிதான பில்களை அலுவலக நாட்களில் வேகமாக முடித்துவிடலாம், வீட்டு நாட்களில் எண்ணிக்கை குறைந்தால் குறையட்டும். கூடவே, தேங்கிய 64 எட்டு வாரத்தில் 20-க்குள் வர வேண்டும், திரும்பி வருவது நூற்றுக்கு மூன்றைத் தாண்டக் கூடாது. இதே வேலையில் இருப்பவர்கள் யாராவது இப்படிக் கேட்கப் போனால், எண்ணிக்கையை மட்டும் வாக்குக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அது உங்களையே எளிதான வேலையின் பக்கம் தள்ளும்.

முதல் வாரம் நன்றாகப் போனது. இரண்டாம் வாரம் பக்கத்து மேஜை நண்பரின் முகம் மாறியிருந்தது. காகிதமாக வரும் பில்களைக் கவரிலிருந்து பிரித்து ஸ்கேன் செய்ய வேண்டும். நான் இல்லாத நாட்களில் என் கவர்களும் அவர் தலையில் விழுந்தன. கடிதத்தில் "காகிதப் பில்கள் வழக்கம்போல் ஸ்கேன் செய்யப்படும்" என்று எழுதியிருந்தேன். யார் செய்வார்கள் என்று எழுதவில்லை, அவரிடம் கேட்கவும் இல்லை. என் அனுமதிக்கான விலையை அவர் கொடுத்துக்கொண்டிருந்தார். நேரே போய், "தப்பு என்னுடையது, முன்னாடியே உங்களிடம் கேட்டிருக்கணும்" என்றேன். அவருக்குப் பிடிக்காத வேலை மாதாந்திர ஃபைலிங். அதை நான் எடுத்துக்கொண்டேன், என் இரண்டு நாள் ஸ்கேனை அவர் ஏற்றுக்கொண்டார். மேலாளருக்கும் இதைத் தெரிவித்தோம்.

மூன்றாம் வாரம்தான் பெரிய சறுக்கல். செவ்வாய் காலை பதினொரு மணிக்குக் குடோனிலிருந்து ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். கவனம் சிதறக் கூடாது என்று நான் அலுவலகச் சாட் செயலியை மூடிவிட்டிருந்தேன். பார்த்தபோது மணி மூன்றேகால். அன்று பணம் அனுப்ப வேண்டிய பில்களின் பட்டியல் மூன்று மணிக்கு மூடிவிடும். அந்தச் சப்ளையருக்குப் பணம் ஒரு நாள் தள்ளிப் போனது. அரை மணி நேரத்தில் பதில் என்று எழுதிக் கொடுத்திருந்தேன், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் கேட்பதற்கு முன் நானே மேலாளருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அந்த வாக்குறுதியை மாற்றினோம். கவனமாக வேலை செய்ய வேண்டும், அரை மணிக்குள் எல்லாவற்றுக்கும் பதிலும் தர வேண்டும் என்றால் இரண்டும் சேர்ந்து நடக்காது. பத்தரை, ஒன்றரை, நான்கரை என மூன்று வேளை எல்லாச் செய்திகளையும் பார்த்துப் பதில் தருவேன். அன்றைய பட்டியலில் போக வேண்டிய பில் என்றால் மட்டும் உடனே போன் செய்யலாம், எந்த நேரமானாலும் எடுப்பேன். குடோனுக்கும் கொள்முதல் பிரிவுக்கும் இதை இரண்டு வரியில் எழுதி அனுப்பினேன். மீதி ஐந்து வாரத்தில் போன் வந்தது ஆறே முறை.

எட்டாம் வார முடிவில் ஒரே பக்கத்தில் கணக்கு. வாரச் சராசரி 213. திரும்பி வந்தவை நூற்றுக்கு இரண்டு. தேங்கியவை 23. இருபதுக்குள் என்று சொன்னது நடக்கவில்லை. அதை முதல் வரியிலேயே எழுதினேன், கீழே தேடிக் கண்டுபிடிக்கும்படி வைக்கவில்லை. அந்த 23-ல் பதினான்கு, பில் தொகையைக் குறைத்துச் சப்ளையர் தர வேண்டிய கிரெடிட் நோட் வராததால் நிற்பவை. ஒன்பது என் கையில் இருப்பவை. தாமதமான அந்தச் செவ்வாய்க்கிழமையையும், ஸ்கேன் வேலையில் நடந்ததையும் எழுதியிருந்தேன்.

மேலாளர், "அந்த ஒன்பது எப்போது முடியும்?" என்று மட்டும் கேட்டார். இரண்டு வாரம் என்றேன். பிறகு அவர் தன் பக்கத்து நிபந்தனையைச் சொன்னார்: மாதத்தின் கடைசி மூன்று வேலை நாட்களும், அடுத்த மாதத்தின் முதல் இரண்டு நாட்களும் செவ்வாய் வியாழனாகவே இருந்தாலும் அலுவலகத்துக்கு வர வேண்டும். கணக்கு முடிக்கும் அந்த ஐந்து நாட்களில் ஆள் பக்கத்தில் இருந்தால்தான் நடக்கும். நியாயமான பேச்சு, ஒப்புக்கொண்டேன். ஆறு மாதத்துக்கு என்று தேதி போட்டு, மனிதவளப் பிரிவுக்கு ஒரு நகல் அனுப்பினார்.

இப்போது அம்மாவோடு காலைக் காபி குடித்துவிட்டு ஒன்பது மணிக்கு மேஜையில் உட்காருகிறேன். போன வியாழக்கிழமை, நான்கு மாதமாக நின்ற ஒரு பில்லில் ஒரே சரக்கு வரவு இரண்டு முறை பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்தேன். அதற்கு நாற்பது நிமிடம் ஆனது.