வாசலில் ஐந்து மேசை

தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளியில் நாங்கள் நடத்திய மாதிரித் தேர்வுக்கு 480 பேர் பதிவு செய்திருந்தார்கள். பள்ளி வாசல் டி.எச். ரோட்டில் இருக்கிறது. வரிசை வெளியே நீண்டால் பிள்ளைகள் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில்தான் நிற்க வேண்டும். எனக்கு அந்தக் கவலைதான் பெரிதாக இருந்தது.

முதலில் ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று ஒத்திகை பார்த்தோம். ஹால் டிக்கெட்டை வாங்கி, பெயரைத் தேடி, கையெழுத்து வாங்கி அனுப்ப 25 வினாடி. கதவு திறப்பது 8:30, மூடுவது 9:00. ஆனால் கூட்டம் அரை மணி நேரத்துக்கும் சமமாகப் பரவி வராது. மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 320 பேர், கடைசி கால் மணி நேரத்தில் வருவார்கள் என்று வைத்துக்கொண்டோம். 320 பேருக்கு 8,000 வினாடி வேலை. கையில் இருப்பது 900 வினாடி. ஒன்பது மேசை வேண்டும். எங்களிடம் இருந்ததே எட்டு தன்னார்வலர்கள்.

சரி, வேலையையே குறைத்தோம். கையெழுத்தைத் தேர்வு அறைக்குள் மாற்றினோம். வாசலில் பதிவு எண்ணில் ஒரு டிக் மட்டும். பெயரின் முதல் எழுத்தை வைத்துப் பிரித்தால் எஸ், எம், கே மேசைகளில் மட்டும் கூட்டம் குவியும். அதனால் பதிவு எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்துப் பிரித்தோம்: 0, 1 முதல் மேசை, 2, 3 அடுத்தது, இப்படியே ஐந்து. மேசைக்கு 96 பேர். நேரம் எட்டு வினாடியாக இறங்கியது. கணக்குப்படி மூன்று மேசையே போதும். ஆனால் மெட்ரோவிலிருந்து நாற்பது பேர் மொத்தமாக ஏறி வருவார்கள். ஐந்து மேசை இருந்தால் அந்தக் கும்பல் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் கரைந்துவிடும்.

மீதி மூன்று பேரில் இருவர் வரிசைக்குள்ளேயே நடந்து, "கடைசி நம்பர் என்னப்பா? டிக்கெட்ட கையில எடுத்து வச்சுக்கோ" என்று சொல்லி மேசையைக் காட்டினார்கள். அந்த எட்டு வினாடியைக் காப்பாற்றியது இவர்கள்தான். மூன்றாமவர் சிக்கல் மேசையில். டிக்கெட் இல்லை, எண் தெரியவில்லை, படம் மாறியிருக்கிறது என்றால் பேச்சே இல்லாமல் அங்கே அனுப்பிவிட வேண்டும். ஒரே முகம் ஒரு மேசை முன் பத்து எண்ணும் வரை நின்றால் அதுதான் அடையாளம்.

மேசைகளை வாசலிலிருந்து நன்றாக உள்ளே தள்ளிப் போட்டோம், வரிசை மைதானத்துக்குள்ளேயே அடங்குவதற்காக. அறைப் பட்டியல் பலகையையும் மேசைக்குப் பக்கத்தில் வைக்கவில்லை. டிக் வாங்கியவர் அதைப் படிக்க நின்றுவிட்டால் பின்னால் இருப்பவருக்கு வழி இருக்காது. படிக்கட்டு அருகே வைத்தோம்.

9:00 மணிக்குக் கதவு மூடும்போது வெளியே யாரும் நிற்கவில்லை. சிக்கல் மேசையில் மட்டும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், எல்லோரும் டிக்கெட் அச்சிடாதவர்கள். அடுத்த தேர்வுக்கு அந்த மேசையில் இரண்டு பேர் இருப்பார்கள், இருவரிடமும் முழுப் பட்டியல் பெயர் வரிசையில் இருக்கும்.