சாயங்காலம் போகும் ஹேண்ட்ஆஃப் குறிப்பு

சென்னையிலிருந்து நியூயார்க் நேரத்தில் இயங்கும் கிளையன்ட்டுக்கு வேலை செய்பவர்களுக்கு ஏழு மணி ஒரு முக்கியமான நேரம். கோடைக்காலத்தில் நமக்கு இரவு 7 மணி என்றால் அவர்களுக்குக் காலை 9:30. காபியோடு இப்போதுதான் உட்கார்ந்திருப்பார்கள், அரை மணி நேரமாவது பேசிக்கொள்ளலாம். நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். அதற்குப் பிறகு மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை நம்முடைய 7 மணி அவர்களுடைய 8:30. அவர்கள் சீட்டுக்கு வரும்போது நாம் கம்பெனி பஸ்ஸில் ஓ.எம்.ஆர் டிராஃபிக்கில் இருப்போம். அந்த நான்கு மாதங்களும் நமக்காகப் பேசப்போவது நாம் அனுப்பிவிட்டு வரும் குறிப்பு மட்டும்தான்.

அந்தக் குறிப்பில் பெரும்பாலும் டிக்கெட் எண், தலைப்பு, பக்கத்தில் ஒரு ஸ்டேட்டஸ் என்றுதான் இருக்கும். இன் ப்ராக்ரஸ், டன், பிளாக்டு. இந்த மூன்றும் வேலை செய்தவருக்குப் புரியும் நிலைகள். காலையில் வாசிப்பவருக்கு வேண்டியது வேறு: இந்த வேலையில் அடுத்த அடியை எடுத்துவைக்க வேண்டியது யார்? நானா, நீயா, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரமா? இது தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நான் இருந்த ஒரு ப்ராஜெக்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் டெஸ்ட் டேட்டாபேஸில் பாலிசி டேபிளுக்குப் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்திருந்தோம். அதில் ஒவ்வொரு பாலிசிக்கும் அஞ்சல் குறியீட்டைப் பார்த்து மண்டலக் குறியீட்டை நிரப்ப வேண்டும். மொத்தம் சுமார் 42 லட்சம் வரிசைகள். ஒரே அப்டேட்டில் போட்டால் டேபிள் நெடுநேரம் பூட்டிக்கொள்ளும் என்பதால், பாலிசி எண் வரிசைப்படி பத்தாயிரம் பத்தாயிரமாக நிரப்பும் ஸ்கிரிப்ட். ஒரு தொகுதிக்கு 50 விநாடி. மதியம் 3:10-க்குத் தொடங்கி, மாலை 6:45-க்குக் கிட்டத்தட்ட 26 லட்சம் முடிந்திருந்தது. அன்றைய குறிப்பில் அதற்கு ஒரு வரிதான்: பேக்ஃபில், இன் ப்ராக்ரஸ், 60 சதவீதம்.

அங்கே காலையில் அதை வாசித்தவர், சென்னை ஆட்கள் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், மீதியை நாளைக்குத்தான் செய்வார்கள் என்று எடுத்துக்கொண்டார். அவரிடம் குறை இல்லை. அந்த வரியை அப்படி வாசிக்க எல்லா நியாயமும் இருந்தது. அவருடைய டெஸ்டர்கள் 10 மணிக்குத் தொடங்க வேண்டும். அதனால் உதவியாகவே அதே ஸ்கிரிப்டை அவரும் ஓட விட்டார். நிரப்பிய வரிசைகளில் வேலை எதுவும் இல்லாததால் அது வேகமாகத் தாண்டி வந்து, எங்கள் ஸ்கிரிப்ட் பூட்டி வைத்திருந்த வரிசைகளில் முட்டி நின்றது. அசையவில்லை என்று பார்த்து, டேபிளைப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு செஷன்களையும் நிறுத்திவிட்டார். மறுநாள் காலை நாங்கள் வந்து பார்த்தபோது 31 லட்சத்தில் நின்றிருந்தது. டெஸ்டிங் ஒரு முழு நாள் போனது.

சும்மா விட்டிருந்தால் நம் நேரம் இரவு 9 மணிக்கு, அவர்களுடைய கோடைக்கால நேரம் காலை 11:30-க்கு, தானாகவே முடிந்திருக்கும். அவரிடம் இல்லாமல் போனது இந்த ஒரு தகவல்தான். அதற்குப் பிறகு இப்படிப்பட்ட வேலைக்கு டீமில் எழுதத் தொடங்கிய வடிவம் நீளமானது, ஆனால் எல்லாம் வேண்டியது. ஸ்கிரிப்ட் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது, எந்த சர்வரில், எந்த யூசரின் பெயரில். உங்கள் நேரம் 11:30 வாக்கில் முடியும், அதுவரை டெஸ்டிங் தொடங்க வேண்டாம், இன்னொரு முறை ஓட்டவும் வேண்டாம். முன்னேறுகிறதா என்று பார்க்க இது:

```sql
SELECT COUNT(*) FROM policy WHERE region_code IS NULL;
```

இந்த எண் குறைந்துகொண்டே வர வேண்டும். பதினைந்து நிமிடம் அசையாமல் இருந்தால் நின்றுவிட்டது என்று அர்த்தம். அப்படி நின்றால், செஷன் உயிரோடு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஸ்கிரிப்டின் லாக் ஃபைலில் கடைசி வரியில் உள்ள பாலிசி எண்ணிலிருந்து திரும்பத் தொடங்கலாம். அப்புறம், கடைசியில் எண் பூஜ்யத்துக்கு வராது. அஞ்சல் குறியீடே இல்லாத பழைய பாலிசிகள் சில நூறு காலியாகவே நிற்கும், அது பிழை அல்ல. இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதாமல் விட்டால், முடிந்துபோன வேலையை முடியவில்லை என்று நினைத்து அங்கே ஒருவர் அரை நாள் தேடுவார்.

சதவீதத்தை எழுதுவதையே நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. 26 லட்சம் முடிந்தது, 16 லட்சம் மீதி என்றால் அது யாரும் சரிபார்க்கக்கூடிய உண்மை. 60 சதவீதம் என்றால் எதில் அறுபது என்று கேட்க ஆள் அங்கே இல்லை. டன் என்பதும் இதே கதைதான். கோட் எழுதி முடிந்ததா, புல் ரிக்வெஸ்ட் ரிவ்யூவுக்குக் காத்திருக்கிறதா, மெர்ஜ் ஆனதா, அவர்கள் டெஸ்ட் செய்யும் சர்வரில் ஏறிவிட்டதா? கடைசியாக எது நடந்தது என்று எழுதினால் அடுத்தது யாருடையது என்பது தானாகத் தெரியும். ரிவ்யூவுக்குக் காத்திருக்கிறது என்றால் பெயரையும் போட வேண்டும். "டீம் பார்க்கவும்" என்று எழுதியதை எந்த டீமிலும் யாரும் பார்த்ததில்லை.

குறிப்பு இப்படித் தேய்ந்துபோக முக்கிய காரணம், அது இரண்டு பேருக்காக எழுதப்படுவது. காலையில் வேலையைக் கையில் எடுப்பவருக்கு ஒரு பக்கம், நாங்கள் இன்று உழைத்தோம் என்று மேனேஜர்களுக்குக் காட்ட இன்னொரு பக்கம். இரண்டாவது வாசகருக்காக எழுதும்போது தடங்கல்கள் மங்கிப்போகும், எல்லா வரிகளும் பச்சை நிறத்தில் இருக்கும். மேனேஜருக்கு வேண்டியதைத் தனி மெயிலில் கொடுத்துவிடலாம். இரண்டையும் கலக்கக் கூடாது.

பிளாக்டு என்ற வரிதான் அதிக நாட்களைத் தின்பது. கேள்வி தெளிவாக இல்லையென்றால், அவர்கள் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பார்கள். அதை நாம் மறுநாள் காலையில் பார்த்து எழுதும் பதில், அன்று சாயங்காலம்தான் அவர்களுக்குப் போய்ச் சேரும். ஐந்து நிமிடப் பேச்சு இரண்டு நாளாகும். அதனால் கேள்வியை விடையோடு சேர்த்தே அனுப்ப வேண்டும்: ரத்தான பாலிசிகளுக்கும் மண்டலக் குறியீடு நிரப்பவா, வேண்டாமா? பதில் வராவிட்டால் நாளை காலை 10 மணிக்கு, உங்கள் இரவு 12:30-க்கு, நிரப்பாமல் மேலே போகிறோம், பிறகு சேர்த்துக்கொள்ளவும் முடியும். திரும்பப் பெற முடியாத வேலைக்கு மட்டும் இப்படித் தானாக முடிவெடுக்கக் கூடாது. அங்கே பதில் வரும்வரை காத்திருந்துதான் ஆக வேண்டும்.

வெள்ளிக்கிழமைக் குறிப்புக்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஒதுக்கலாம். நம் திங்கட்கிழமைப் பகல் அங்கே ஞாயிறு இரவும் திங்கள் அதிகாலையும்தான், கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். திங்களன்று டீமில் ஒவ்வொருவரும் என்ன செய்யப் போகிறோம், அதற்கு எந்த அனுமதி, எந்த ஃபைல், எந்தப் பதில் தேவை என்பதை வெள்ளி மதியமே யோசித்து அந்தக் குறிப்பிலேயே கேட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து அவர்களைப் பிடிப்பது திங்கள் இரவு.